இல்லாத அணிலோடு நடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை மாட்டுங்காவில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், சாப்பாட்டுப் பந்தியில் உட்காருவதற்குள் அணிலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் அணிலை வரைகிறவன் இல்லை. கோரேகாவ் செட்டில் நின்றுகொண்டு, இரண்டு மாதம் கழித்து வரப்போகும் அணிலுக்கு இடம் பிடித்துவைக்கிறவன். விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளர் என்று டைட்டிலில் போடுவார்கள். நிஜப் பிள்ளைகளும் அனிமேஷன் பிராணிகளும் சேர்ந்து வரும் சிறுவர் தொடர்களில்தான் என் வேலை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டுவைக்கிறேன்.

"ஷூட்டிங் சமயத்துல அங்க ஒண்ணுமே இருக்காதா? குழந்தை காத்தைப் பாத்துதான் பேசுதா?"

கடைசியில் டிவியில் வரும் டேக்கில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அதற்கு முன்னால் இருக்கும். ஸ்பாஞ்சில் செய்து குச்சியில் செருகிய டம்மி அணில் ஒன்று எங்களிடம் உண்டு. காதிலிருந்து பாதம் வரை 28 சென்டிமீட்டர். கதையில் வரும் அணிலும் சரியாக அதே உயரம்தான். ஒத்திகை முழுவதும் அந்த டம்மியோடுதான் நடக்கும். அப்புறம் டம்மியோடு ஒரு டேக் எடுப்போம். அது அனிமேஷன் செய்கிறவர்களுக்காக. அதன் பிறகு டம்மியை எடுத்துவிட்டு, குழந்தை மட்டும் நடிக்கும் நிஜ டேக். கடைசியாக, குழந்தையும் இல்லாமல் வெறும் அறையை மட்டும் ஒரு தடவை எடுப்போம். இதற்கு கிளீன் பிளேட் என்று பெயர். பின்னால் எதையாவது அழிக்க வேண்டி வந்தால், அந்த இடத்தில் ஒட்டுவதற்கு வெறும் சுவர் வேண்டுமே.

டம்மியால் இன்னொருவருக்கும் உபயோகம் உண்டு. அவர் ஃபோகஸ் பிடிக்கிற உதவியாளர். வெற்றிடத்தில் எதைப் பார்த்து அவர் ஃபோகஸ் வைப்பார்? டம்மி நின்ற இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டுதான்.

"எங்க பாக்கணும்னு குழந்தைக்கு எப்படித் தெரியும்?"

இந்த வேலையில் பாதி இதுதான். நிழல் சரியில்லையென்றால் பின்னால் திருத்தலாம், ரோமம் சரியில்லையென்றாலும் திருத்தலாம். கண் போன இடம் போனதுதான்.

புதியவர்கள் முதலில் செய்யும் தப்பு, சுவரில் ஒரு சிவப்பு டேப் துண்டை ஒட்டி, "இதைப் பாத்துப் பேசும்மா" என்பது. திசை சரியாக இருக்கும், தூரம் தப்பாகிவிடும். உங்கள் மூக்குக்கு முன்னால் ஒரு விரலை வைத்துப் பார்த்தால் இரண்டு கண்ணும் உள்பக்கமாகத் திரும்பும். தூரத்து ஜன்னலைப் பார்த்தால் நேராகிவிடும். குழந்தையிலிருந்து அரை மீட்டரில் அணில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு கண்ணும் ஒன்றையொன்று நோக்கி ஏறக்குறைய 6 டிகிரி சாய வேண்டும். 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைப் பார்த்தால் அந்தச் சாய்வு 1 டிகிரிதான். அந்த டிகிரிக் கணக்கெல்லாம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் குளோஸப்பில், "இவ அணிலைப் பாக்கலை, அணிலைத் தாண்டி எதையோ பாக்கறா" என்று ஆறு வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

உயரமும் அப்படித்தான். அரை மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் தவறினால் பார்வை 11 டிகிரி விலகிப்போகும். அதே தவறு 3 மீட்டர் தூரத்தில் 2 டிகிரியோடு போய்விடும். அதனால் பிராணி எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு ஜாக்கிரதையாக அளப்போம். டேப்பைச் சுவரில் ஒட்டாமல், மெல்லிய கம்பியின் நுனியில், அணிலின் கண் வரவேண்டிய இடத்திலேயே வைப்போம். அணிலின் வயிற்றையோ காதையோ பார்த்தால் போதாது, கண்ணைப் பார்க்க வேண்டும். மனிதர்கள் அப்படித்தான் பேசுகிறோம்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற விஷயம் ஒன்று உண்டு. அது குரல். என் முதல் தொடரில் அணிலின் வசனத்தை உதவி இயக்குநர் கேமரா பக்கத்தில் நின்று வாசித்தார். குழந்தை டேப்பைத்தான் பார்த்தது. ஆனால் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் கண் ஒரு துளி கேமரா பக்கம் ஓடி ஓடித் திரும்பியது. செட்டில் யாரும் கவனிக்கவில்லை. எடிட்டிங் அறையில் பெரிய திரையில் பார்த்தபோது அத்தனை ஷாட்டிலும் இருந்தது. குழந்தை மேல் தப்பில்லை. குரல் வருகிற பக்கம் யார் கண்ணும் போகும். இப்போதெல்லாம் அணில் நிற்கும் இடத்துக்குப் பின்னால், டப்பாவுக்கோ பூந்தொட்டிக்கோ மறைவில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்துவிடுகிறோம். பேச்சு அங்கிருந்து வந்தால் கண் தானாக அங்கே போகிறது.

"பேசாம எல்லாத்தையும் பச்சைத் திரை முன்னாடி எடுத்துடலாமே?"

பச்சையாகத் தெரிவதையெல்லாம் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டு, அங்கே வேறு பின்னணியை வைப்பதற்குத்தான் அந்தத் திரை. பின்னணியே கார்ட்டூன் உலகம் என்றால் அப்படித்தான் எடுக்க வேண்டும். 1996-ல் அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் ஆரம்பித்த 'ப்ளூஸ் க்ளூஸ்' தொடரில் ஸ்டீவ் பர்ன்ஸ் நீலத் திரைக்கு முன்னால் தனியாக நின்று நடித்தார். நாய், வீடு எல்லாம் பின்னால் சேர்ந்தவை. அவர் பெரியவர், பழகியவர்.

எங்கள் கதை ஒரு வீட்டில் நடக்கிறது. சமையலறை நிஜமாக இருந்தால் குழந்தைக்குச் சாய்ந்துகொள்ள மேடை இருக்கும், தட்டின் சத்தம் கேட்கும். இல்லாதது அணில் ஒன்றுதான். மொத்தமும் பச்சையாக இருந்தால், அணில் எங்கே என்பதோடு கதவு எங்கே என்பதையும் சேர்த்துக் கற்பனை செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைக்கு அது ரொம்ப அதிகம்.

போகிற போக்கில் இன்னொன்று. கிளி வந்தால் பச்சைத் திரையில் மறைந்துவிடாதா என்று கேட்கிறார்கள். கிளி பின்னால்தானே வரப்போகிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. குழந்தையின் பச்சைப் பாவாடைதான் காணாமல் போகும்.

"ஏன் எப்பப் பாத்தாலும் அணில், பல்லி, எலி? ஒரு பட்டாம்பூச்சி வெச்சா அழகா இருக்குமே?"

இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் ஒரு பட்டாம்பூச்சி மெதுவாகப் பறந்து போகிறது, அதைக் கண்ணால் தொடருங்கள்" என்று சொல்லுங்கள். கண் வழுக்கிக்கொண்டு போகாது. தத்தித் தத்திப் போகும். அடுத்து உங்கள் விரலை அதே வேகத்தில் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது கண் எண்ணெய் போட்ட மாதிரி நகரும். நகரும் பொருள் ஒன்று நிஜமாக இருந்தால்தான் நம் கண்ணால் வழுக்கிக்கொண்டு தொடர முடியும். வெறும் கற்பனையைத் தொடரும்போது கண் குதித்துக் குதித்துத்தான் போகும். எவ்வளவு பெரிய நடிகரானாலும் இதுதான் கதி.

அணில் எப்படி ஓடுகிறது? சட்டென்று ஓடி, நின்று, மறுபடி சட்டென்று ஓடும். பல்லியும் அப்படியே. அதைப் பார்க்கிற கண்ணும் குதித்துக் குதித்துத்தானே போக வேண்டும்! குழந்தையின் கண் இயல்பாகச் செய்வதும் பிராணி செய்வதும் ஒத்துப்போகின்றன. பட்டாம்பூச்சி, மிதக்கும் தேவதை, பறக்கும் குட்டி யானை எல்லாம் வந்தால் நிஜ டேக்கிலும் யாராவது குச்சியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அந்தக் குச்சியை ஃபிரேம் ஃபிரேமாக அழிக்க வேண்டும். கதை எழுதுகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். பட்ஜெட் போடுகிறவர் உடனே புரிந்துகொள்வார்.

"ஒரே ஒரு சீனை எடுத்து, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சொல்லுங்களேன்"

முறுக்கு சீனைச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பெண் சமையலறையில் நிற்கிறாள். அணில் ஜன்னல் விளிம்பிலிருந்து மிக்ஸி மூடிக்குத் தாவி, அங்கிருந்து மேடையில் இருக்கும் தட்டுக்கு வந்து, ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு அவள் தோளில் ஏறுகிறது. கேமரா டிராலியில் மெதுவாக முன்னால் நகர்கிறது. மொத்தம் 8 விநாடி. நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் 200 ஃபிரேம்.

முதலில் ஸ்டோரிபோர்டிலேயே நேரத்தைப் பிரித்தோம். ஒன்றரை விநாடியில் மிக்ஸி, மூன்றில் தட்டு, நான்கில் முறுக்கு, ஆறில் தோள். ஒத்திகையில் உதவியாளர் டம்மியை அந்தந்த இடத்தில் வைத்து வைத்து எடுத்தார். நான்கு இடங்களும் நிஜப் பொருள்களாக இருந்ததால் டேப்பே தேவைப்படவில்லை. "ஜன்னல், மிக்ஸி, தட்டு, தோள்" என்று அவள் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டாள்.

அணில் தொடும் பொருள் நிஜமாக அசைய வேண்டும். அதற்கு ஒரு முறுக்கில் மெல்லிய தூண்டில் நூலைக் கட்டி, நாலாவது விநாடியில் மேடைக்குப் பின்னாலிருந்து ஒருவர் சுண்டி இழுத்தார். இழுபட்ட முறுக்கை அழித்துவிட்டோம். அணிலின் கையில் இருப்பது கம்ப்யூட்டர் முறுக்கு. அழிக்கப்போவதை எதற்காக இழுக்க வேண்டும்? பக்கத்து முறுக்குகள் சரிந்து, தட்டு 'டங்' என்று சத்தம் போட்டு, இரண்டு துணுக்கு சிதறுவதற்காகத்தான். அதைக் கம்ப்யூட்டரில் செய்யலாம், ஆனால் மூன்று நாள் வேலை.

இரண்டாவது டேக்கில் பிரச்சினை வந்தது. அணில் தாவுவதற்கு முன்பே அவள் தோளைப் பார்த்துவிட்டாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியுமே. இல்லாத பிராணியோடு நடிக்கும் எல்லோருக்கும் வருகிற நோய் இது. வியப்பு கால் விநாடி முந்தி வந்துவிடும். "கொஞ்சம் லேட்டா பாரும்மா" என்றால் அடுத்த டேக்கில் எண்ணிக்கொண்டு பார்ப்பாள், அது இன்னும் மோசம். எப்படியும் தோள் துணி அமுங்குவதற்காக கவுனுக்கு உள்ளே ஒரு நூல் தைத்து, முதுகு வழியாகக் கீழே விட்டிருந்தோம். அவளிடம், "நூல் இழுக்கிற வரைக்கும் தட்டையே பாரு. எப்ப இழுப்பேன்னு சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். நாலாவது டேக்கில் நூல் சுண்டியதும் நிஜமாகவே திடுக்கிட்டுத் திரும்பினாள். அதுதான் டிவியில் வருவது.

பிறகு கிளீன் பிளேட். டிராலியை ஆள் தள்ளுவதால் இரண்டு தடவையும் அச்சு அசலாக ஒரே வேகம் வராது. ஆகவே அதிலிருந்து துண்டு துண்டாகத்தான் எடுத்துப் பயன்படுத்த முடியும். அதற்குப் பின், அணில் நின்ற இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பந்தையும் கண்ணாடி போல மின்னும் உருண்டையையும் வைத்துப் படம் எடுத்தோம். வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு கூர்மை என்பதை முதல் பந்து சொல்லும். ஜன்னலும் விளக்கும் எங்கெங்கே இருந்தன என்பது இரண்டாவதில் பிரதிபலிக்கும். லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், கேமராவின் உயரம் எவ்வளவு என்பதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தேரியில் உள்ள ஸ்டுடியோவில் கேமராவின் அசைவைக் கம்ப்யூட்டரில் மறுபடி உருவாக்கினார்கள். மேட்ச்மூவ் என்பது அந்த வேலை. சுவர் டைல்ஸின் மூலைகள்தான் அதற்குப் புள்ளிகளாக உதவின. அணிலுக்குப் பதில் ஒரு வெறும் பெட்டியை வைத்து அவள் பார்வையோடு ஒப்பிட்டோம். தட்டருகே பார்வை 3 சென்டிமீட்டர் வலப்பக்கம் விழுந்திருந்தது. அணிலை 3 சென்டிமீட்டர் நகர்த்தினோம். வழி எப்போதும் அதுதான், பார்வையிருக்கும் இடத்துக்குப் பிராணி போக வேண்டும்.

எல்லாம் முடிந்து, நிழலும் போட்டாயிற்று. ஆனாலும் அணில் மேடையில் நிற்காமல் மிதப்பது போலவே இருந்தது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் டீ கொண்டுவந்த பையன், "மேடை பளபளன்னு இருக்கே, அணில் ஏன் அதுல தெரியலை?" என்றான். இந்த ஊர்ச் சமையலறைகளில் நிறையப் பார்க்கிற கறுப்பு கிரானைட். தட்டு அதில் தலைகீழாகத் தெரிகிறது, மிக்ஸி தெரிகிறது, அணில் மட்டும் தெரியவில்லை. பிரதிபிம்பத்தைச் சேர்த்த நிமிடம் அணில் தரையிறங்கியது.

"அணிலுக்குக் குரல் முன்னாடியே எடுத்துடுவீங்களா? தமிழ்ல பாத்தா வாய் ஒட்ட மாட்டேங்குதே?"

எடுத்துவிடுவதே நல்லது. குரல் நடிகர் கிடைக்காவிட்டால் யாரையாவது வைத்துச் சரியான வேகத்தில் ஒரு தற்காலிகக் குரலாவது பதிவு செய்துகொள்ள வேண்டும். உதவி இயக்குநர் தட்டையாகப் படபடவென்று படித்தால் அணிலின் வசனத்துக்கு ஒன்றரை விநாடி இடைவெளிதான் கிடைக்கும். பின்னால் வரும் குரல் நடிகர் உணர்ச்சியோடு பேசினால் இரண்டரை விநாடி ஆகும். நிஜக் குழந்தையின் காட்சியை இழுத்து நீட்ட முடியாது. அணிலின் முகத்துக்குத் தனி ஷாட் ஒன்று போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான்.

தமிழ் விஷயம் வேறு. எங்கள் தொடர் இந்தியில் எடுக்கப்படுகிறது, வாயசைவும் இந்திக்குத்தான். தமிழுக்காக வாயை மறுபடி அனிமேட் செய்யப் பணம் கொடுக்க மாட்டார்கள். ஆகவே தமிழ் வசனம் எழுதுகிறவர்தான் வாயைப் பார்த்து எழுத வேண்டும். அணில் "நஹீ" என்கிறது, முடியும்போது வாய் திறந்திருக்கிறது. அங்கே "வேண்டாம்" என்று போட்டால் கடைசி 'ம்'முக்கு உதடு மூடியாக வேண்டும், மூடாது. "இல்லை" என்றால் ஒட்டிக்கொள்ளும். நல்ல எழுத்தாளர்கள் இப்படி ஒவ்வொரு வரிக்கும் தேடுவார்கள். எங்கள் அணில் சதா வாயருகே எதையாவது வைத்துக் கொறித்துக்கொண்டிருப்பதற்கும் இதுவே பாதிக் காரணம்.

"கட்டிப் பிடிச்சுக்கற மாதிரி சீன்லாம் எப்படி?"

மிகக் கஷ்டமானது அதுதான், ஒரு எபிசோடில் ஒன்றுக்கு மேல் வைக்க விடமாட்டேன். வெறும் கையை வளைத்து நடித்தால் இரண்டு கைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும், அணில் பலூன் மாதிரி ஊதிச் சுருங்க வேண்டியிருக்கும். ஆகவே அணிலின் உடம்பு அளவில் ஒரு மெத்தென்ற பொம்மையைக் கொடுத்துவிடுவோம். கை அதில் அமுங்கும், விரல் சரியாக மடங்கும். பின்னால் பொம்மையை மூடியபடி அணில் வரும். அணிலுக்கு முன்னால் தெரியவேண்டிய விரல்களை ஒவ்வொரு ஃபிரேமிலும் வெட்டியெடுத்து மேலே வைக்க வேண்டும். ரோட்டோ என்கிற அந்த வேலையைச் செய்யும் பிள்ளைகளுக்குத்தான் நிஜமாக மாலை போட வேண்டும்.

"தப்பா எடுத்துட்டா கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்க மாட்டீங்களா?"

ஒரு தொடரில், பத்து நாள் ஷூட்டிங் முடிந்த பிறகு, "அணில் இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தா பொம்மை விக்கும்" என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். 28 சென்டிமீட்டர் 40 ஆனது. அவ்வளவுதான், எல்லா ஷாட்டிலும் குழந்தை அணிலின் தொப்பையோடு பேச ஆரம்பித்துவிட்டது. சில ஷாட்டில் அணிலைக் குனிய வைத்தோம், சிலவற்றில் உட்கார வைத்தோம், சிலவற்றில் இரண்டடி பின்னால் தள்ளினோம். குளோஸப்புகளுக்கு வழியே இல்லை, மறுபடி எடுத்தோம். அதற்குள் பெண்ணுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது.

"கையால வரையற கார்ட்டூன்னா சுலபம்தானே? ரஜினி படத்துலயே வந்துடுச்சே?"

1989-ல் வந்த 'ராஜா சின்ன ரோஜா' பாட்டைச் சொல்கிறீர்கள். அந்தக் காலத்தில் அதை எடுத்தவர்களுக்கு ஒரு கும்பிடு. கையால் வரைவதில் ரோமமும் பந்தும் வேண்டாம், சரிதான். ஆனால் வழக்கமான கார்ட்டூனில் ஒரு படத்தை வரைந்து அதையே இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், உழைப்பு பாதியாகும். கேமரா அசையாமல் இருந்தால் பிரச்சினையில்லை. கேமரா நகர்ந்தால் தரை ஒவ்வொரு ஃபிரேமிலும் நகரும், கார்ட்டூன் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேம் நகரும். கால் தரையில் நடுங்கி வழுக்கும். அப்போது ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாக வரைந்தாக வேண்டும். 1988-ன் 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தில் ரிச்சர்ட் வில்லியம்ஸ் குழுவினர் அப்படித்தான் வரைந்தார்கள். எங்களைப் போன்ற தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிடுவோம்.

"எங்க பொண்ணுக்கு 8 வயசு, நல்லா பேசுவா. ஆடிஷன்ல என்ன பாப்பீங்க?"

நன்றாகப் பேசுவது இரண்டாம் பட்சம். வெறும் மேசையைக் காட்டி, "இதோ ஒரு எறும்பு போகுது, அது எங்கயாவது நின்னா சொல்லு" என்பேன். சில பிள்ளைகள் மேசையைப் பொதுவாகப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும், நான் சிரிக்கிறேனா என்று. சில பிள்ளைகளுக்கு எறும்பு ஒரு இடத்தில் இருக்கும். நடுவில் நான் டம்ளரை நகர்த்தி வைத்தால், "அச்சச்சோ, அது மேல வெச்சுட்டீங்க" என்று சொல்லும். அந்தக் குழந்தை போதும்.

வீட்டில் பழக்கவேண்டும் என்று ஒன்றுமில்லை. கண்ணாடி முன்னால் நடிக்க வைக்காதீர்கள். பிறகு தன் முகத்தையே பார்க்கப் பழகிவிடும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை வேறு. மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் வாங்கியிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பேரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போக வேண்டும். இது சட்டம். அந்த 5 மணி நேரத்துக்குள்தான் டம்மி டேக், நிஜ டேக் எல்லாம் முடிய வேண்டும். கிளீன் பிளேட்டும் பந்துகளும் அவள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு. ஆகவே "பாப்பா கொஞ்ச நேரம் இருக்கட்டும், இன்னும் அணில் வேலை பாக்கி" என்று யாராவது சொன்னால், அந்த வேலைக்குப் பாப்பா தேவையில்லை என்று நீங்களே சொல்லிவிடலாம்.